"வணக்கம் சொல்லு" என்றதும் குழந்தை ஏன் ஒளிந்துகொள்கிறது?

கேள்வி: என் பொண்ணுக்கு அஞ்சு வயசு. வீட்டுல வாய் ஓயாம பேசுவா. யாராவது வந்துட்டா என் பின்னாடி ஒளிஞ்சுக்குவா. "வணக்கம் சொல்லு"ன்னு சொன்னா இன்னும் மோசம், முகத்தையே காட்ட மாட்டா. மாமியார் "பிள்ளைய வளர்க்கத் தெரியல"ங்கறாங்க. கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்க வைக்கவும் எனக்கு மனசு வரல. அவளாவே பயமில்லாம பெரியவங்ககிட்ட பேச என்ன பண்ணலாம்?

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு கவலைகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று குழந்தையின் பயம். இன்னொன்று, வந்தவர்கள் முன்னால் உங்கள் வளர்ப்பு மதிப்பிடப்படுகிறதே என்கிற பயம். வாசலில் "சொல்லு, சொல்லு" என்று நாம் அவசரப்படுத்துவது பெரும்பாலும் இரண்டாவது பயத்தால்தான். அந்த அவசரம் குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. சிறு குழந்தைகளின் பேச்சுப் பயிற்சியில் பல வருடங்களாக இருப்பவன் என்ற முறையில் முதல் பயத்துக்குத்தான் விரிவாகப் பதில் சொல்கிறேன். இரண்டாவதற்கும் கடைசியில் வருகிறேன்.

"வணக்கம்" ஒரே சொல்தானே, அதைச் சொல்ல என்ன கஷ்டம் என்று பெரியவர்களுக்குத் தோன்றும். ஆனால் தமிழ் வீட்டில் ஒருவரை வரவேற்பது ஒரு சொல்லோடு முடிவதில்லை. முதலில், நம் வீடுகளில் யாரும் உறவினரைப் பார்த்து "வணக்கம்" என்பதில்லை, "வாங்க" என்கிறோம். குழந்தை தன் காதால் கேட்டது அதைத்தான். அவளிடம் மட்டும் மேடைச் சொல்லைக் கேட்கிறோம். இரண்டாவது, வெறும் "வாங்க" போதாது, "வாங்க மாமா", "வாங்க பெரியம்மா" என்று முறைப்பெயர் சேர வேண்டும். வந்தவர் யார், அவரை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று தெரியாத குழந்தை அந்த வாக்கியத்தைத் தொடங்கவே முடியாது. மூன்றாவது, "வா"வா "வாங்க"வா என்று மரியாதை பார்க்க வேண்டும். வீட்டுப் பாட்டியை "பாட்டி, இங்க வா" என்று செல்லமாகக் கூப்பிடும் குழந்தைக்கு, ஊரிலிருந்து வரும் பாட்டிக்கு மட்டும் ஏன் "வாங்க" என்பது விளங்காத கணக்கு. நான்காவது, இதையெல்லாம் ஐந்தாறு பெரியவர்கள் ஒரே நேரத்தில் தன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டும்.

இந்த நான்கும் வாசலில், செருப்பு கழற்றும் அந்த அரை நிமிடத்தில் நடந்தாக வேண்டும். வருகை முழுவதிலும் குழந்தைக்கு மிகக் கடினமான அரை நிமிடம் அதுதான். புதிய முகம், புதிய குரல், பையிலிருந்து வரும் வாசனை, பெரியவர்களின் சத்தம் எல்லாம் ஒன்றாக வந்து மோதுகின்றன. நாமோ அந்த நேரத்தில்தான் தேர்வு வைக்கிறோம்.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியவை எவை, அனுபவத்தை மட்டும் நம்பிச் சொல்பவை எவை என்று பிரித்துவிடுகிறேன். குழந்தைகள் எல்லோரும் ஒரே இயல்போடு பிறப்பதில்லை என்பது உறுதி. ஹார்வர்டில் உளவியலாளர் ஜெரோம் கேகன் பல ஆண்டுகள் செய்த ஆய்வில், நான்கு மாதக் குழந்தைகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு புதிய காட்சிக்கும் ஒலிக்கும் மற்றவர்களைவிடப் பலமாகக் கை காலை உதறி அழுதன. பிற்பாடு புதியவர்களிடம் தயங்கி நின்றவர்கள் அந்தக் கூட்டத்தில்தான் அதிகம். ஆகவே உங்கள் மகளின் தயக்கம் வளர்ப்பின் குறை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதே சமயம், அந்த இயல்பு அப்படியே உறைந்துவிடுவதும் இல்லை. அப்படிப்பட்ட குழந்தைகளில் பலர் வளர வளரப் பழகிக்கொள்கிறார்கள். கூட்டத்தில் குதித்துப் பேசும் ஆளாக மாறுவது அபூர்வம், ஆனால் நிதானமாக ஒருவரை வரவேற்கும் ஆளாக மாறுவது சாதாரணம். நமக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

இன்னொரு உறுதியான விஷயம்: ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், யாரும் நினைவுபடுத்தாமல் தாமாக வாழ்த்துவதும் நன்றி சொல்வதும் குறைவு. எஸ்தர் கிரெய்ஃப், ஜீன் பெர்கோ கிளீசன் இருவரும் அமெரிக்காவில் இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளைப் பெற்றோருடன் வைத்துப் பார்த்து 1980-இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது. அங்கேயும் பெற்றோர் "சொல்லு" என்றுதான் தூண்டினார்கள். மரியாதைச் சொற்கள் மற்றச் சொற்களைப் போலப் பொருள் புரிந்து வருவதில்லை, பழக்கமாக ஏறுகின்றன. எனவே நினைவூட்டுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. எப்போது, எவ்வளவு சத்தமாக, யார் முன்னால் நினைவூட்டுகிறோம் என்பதில்தான் கோளாறு.

பள்ளியில் ஆசிரியர் நுழைந்ததும் நாற்பது குழந்தைகள் எழுந்து "கு…ட் மா…ர்னிங் மி…ஸ்" என்று ராகம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் மகளும் அதில் உரக்கச் சொல்லக்கூடும். அதே குழந்தை கடைத்தெருவில் அந்த ஆசிரியரைப் பார்த்தால் அம்மாவின் முந்தானைக்குள் போய்விடும். காரணம், அவள் கற்றது ஆசிரியரை வரவேற்பதை அல்ல, கூட்டத்தோடு சேர்ந்து ராகம் போடுவதை. கூட்டமும் ராகமும் இல்லாத இடத்தில் சொல்லும் வராது. ஒப்பிக்க வைத்துக் கற்றுக்கொடுப்பதன் பலன் இவ்வளவுதான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இனி செய்முறைக்கு வருகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கணவரின் பெரியப்பாவும் பெரியம்மாவும் மதுரையிலிருந்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மகள் அவர்களை ஒரு வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் பார்த்தது, அவளுக்கு நினைவில்லை.

வேலை சனிக்கிழமை மாலையே தொடங்குகிறது. கைபேசியில் அவர்கள் படத்தைக் காட்டுங்கள். "இவங்க அப்பாவோட பெரியப்பா" என்றால் அவளுக்கு ஒன்றும் புரியாது. அது உங்கள் கணவரின் முறை, அவளுடையது அல்ல. அவளுக்கு அவர் தாத்தா. ஏற்கெனவே வீட்டில் ஒரு தாத்தா இருந்தால் குழம்பும், அதனால் "மதுரைத் தாத்தா, மதுரைப் பாட்டி" என்று ஊர் சேர்த்துக் கொடுங்கள். நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்வதுதான் இது. கூடவே அவரைப் பற்றி ஒரே ஒரு தகவல், குழந்தை பிடித்துக்கொள்கிற மாதிரி: "அவங்க வீட்டுல ரெண்டு ஆடு இருக்கு", "அப்பா சின்னப் பையனா இருந்தப்போ சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்தது இவர்தான்." பெயரும் ஒரு தகவலும் இருந்தால் வருபவர் பாதி தெரிந்தவர் ஆகிவிடுகிறார். என் அனுபவத்தில் குழந்தை வாசலில் உறைந்து நிற்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் கூச்சமே அல்ல, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாததுதான். பெரியவர்கள்கூட முறை தெரியாத உறவினரிடம் "ம்ம்… வாங்க, வாங்க" என்று பெயரை விழுங்கிவிடுகிறார்கள், கவனித்துப் பாருங்கள்.

அடுத்து, அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். கட்டளையாக அல்ல, அவளே தேர்ந்தெடுக்கிற மாதிரி. "தாத்தா பாட்டி வந்ததும் நீ தண்ணி கொண்டு வந்து தர்றியா, செருப்பு எங்க விடணும்னு காட்டுறியா, இல்ல ஃபேன் போடுறியா?" மூன்றில் எது வேண்டுமானாலும் வரவேற்புதான். வாயால் வரவேற்க முடியாத குழந்தை கையால் வரவேற்க முடியும். கையில் வேலை இருக்கும் குழந்தைக்கு நிற்பதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. தண்ணீர் என்று சொன்னால் சிறிய எவர்சில்வர் டம்ளரில் பாதிக்குச் சற்று மேல் ஊற்றுங்கள், இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லுங்கள். விளிம்பு வரை நிரப்பினால் அவள் கவனம் முழுவதும் சிந்தாமல் இருப்பதிலேயே போய்விடும், சிந்தினால் அந்த நாளே கெட்டுவிடும்.

பிறகு ஐந்து நிமிடம் விளையாட்டு. இதில் முக்கியமான திருப்பம், முதலில் அவள்தான் விருந்தாளி. அவள் கதவைத் தட்ட வேண்டும், நீங்கள் "வாங்க மதுரைத் தாத்தா, உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று வரவேற்க வேண்டும். அவள் தாத்தா மாதிரி இருமுவாள், தடியை ஊன்றுவாள், சிரிப்பாள். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு பெரும்பாலான குழந்தைகள் தாங்களே "இப்ப நான் வீட்டுக்காரி" என்று இடம் மாற்றிக்கொள்வார்கள். மாற்றிக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள். கேட்டதே காதில் ஏறியிருக்கும். இதை ஒத்திகை என்று சொல்லாதீர்கள், "நாளைக்கு இப்படியே சொல்லணும்" என்று முடிக்காதீர்கள். அந்த ஒரு வாக்கியம் விளையாட்டைப் பாடமாக்கிவிடும்.

சனிக்கிழமை செய்ய வேண்டிய கடைசி வேலை, பெரியவருக்கு ஒரு போன். "பெரியப்பா, பாப்பா முதல்ல கொஞ்சம் ஒதுங்கித்தான் நிப்பா. நீங்க கண்டுக்காத மாதிரி இருங்க, பத்து நிமிஷத்துல அவளே வருவா" என்று உங்கள் கணவர் சொன்னால் போதும். பெரும்பாலான பெரியவர்கள் இதைச் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வார்கள். "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லு பாப்போம்" என்பது அன்பில் கேட்கப்படும் கேள்விதான், ஆனால் குழந்தைக்கு அது தோற்றுப்போகும் தேர்வு. அதைக் கேட்காமல் இருக்கச் சொல்வதைவிட, வேறொன்றைச் செய்யச் சொல்வது எளிது: "அவ கையில என்ன வெச்சிருக்காளோ, அதைப் பத்திப் பேசுங்க."

ஞாயிறு. மணி அடிக்கிறது. இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, குழந்தையைத் திரும்பிப் பார்க்காமல் நீங்களே மனதார வரவேற்பது. "வாங்க பெரியப்பா, வாங்க பெரியம்மா, பஸ்ல கூட்டமா?" அவள் உங்கள் பின்னால் நிற்கட்டும். அவள் ஒளிந்து நிற்கிறாள் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவின் தோள் தளர்ந்திருக்கிறதா, குரலில் சிரிப்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் வந்தவர் ஆபத்தில்லாதவர் என்று முடிவு செய்கிறாள். அந்த நேரம் நீங்கள் அவளைப் பிடித்து முன்னால் தள்ளினால் அவள் பார்ப்பது நின்றுவிடும், காலைக் கட்டிக்கொள்வதுதான் மிஞ்சும். ஒரே ஒரு வரி அறிமுகம் போதும்: "இவதான் பாப்பா. உங்களுக்குத் தண்ணி கொண்டு வரப் போறா." அதைச் சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள், பதிலுக்கு நிற்காதீர்கள்.

எல்லோரும் உட்கார்ந்து, பயணக் கதை முடிய ஐந்திலிருந்து பத்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் அவளைப் பற்றி யாரும் பேச வேண்டாம். அவள் கதவருகே நின்று, பிறகு நாற்காலிக்குப் பின்னால் வந்து, பிறகு தன் பொம்மையை எடுத்துக்கொண்டு கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்தால் வேலை சரியாகப் போகிறது என்று பொருள். தாத்தா அந்தப் பொம்மையைப் பார்த்து, "இந்தக் கரடி சாப்பிட்டுச்சா?" என்று அவளிடம் அல்லாமல் பொதுவாகக் கேட்டால் இன்னும் நல்லது. பதில் வேண்டும் என்ற நெருக்கடி இல்லாத பேச்சு அது.

இப்போது அவளுக்கு ஒரு கேள்வி கொடுங்கள், பதில் சொல்ல அல்ல, கேட்க. அவள் காதருகே மெல்லச் சொல்லுங்கள்: "தாத்தாவுக்குக் காபியா டீயான்னு கேட்டுட்டு வர்றியா?" பதில் சொல்பவர் தேர்வு எழுதுகிறார், கேள்வி கேட்பவர் வீட்டுக்காரர் ஆகிவிடுகிறார். அவள் போய், "காபியா டீயா?" என்று முறைப்பெயர்கூட இல்லாமல் கேட்டாலும் அது முழுமையான உபசரிப்பு. தாத்தா "டீ" என்று சொல்ல, அவள் ஓடி வந்து உங்களிடம் "டீயாம்" என்பாள். இரண்டு பேச்சுகள் நடந்துவிட்டன, ஒன்றைக்கூட யாரும் ஒப்பிக்க வைக்கவில்லை.

யாராவது அவளிடம் ஏதேனும் கேட்டுவிட்டால் நீங்கள் செய்ய வேண்டிய ஒரே வேலை சும்மா இருப்பது. மனதுக்குள் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணுங்கள். வகுப்பறைகளில் ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீளுகின்றன, பேசாத குழந்தைகளும் பேசுகின்றன என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் காட்டினார். தயங்கும் குழந்தைகளுடன் வேலை செய்பவர்கள் ஐந்து விநாடி வைத்துக்கொள்கிறார்கள். ஐந்து விநாடி கூடத்தில் மிக நீளமாகத் தெரியும். ஐந்து முடிந்தும் பதில் வராவிட்டால் அதே கேள்வியை இரண்டில் ஒன்றாக மாற்றுங்கள். "ஸ்கூல்ல என்ன பண்ணின?" என்பதற்குப் பதில் சொல்வது பெரிய வேலை. "ஸ்கூல்ல படம் வரைஞ்சியா, பாட்டுப் பாடினியா?" என்றால் ஒரு சொல் போதும். "சாப்பிட்டியா?" போன்ற கேள்வி தலையாட்டலோடு முடிந்துவிடும், அதிலும் தவறில்லை, ஆனால் குரல் வராது. இன்னும் ஐந்து விநாடி பார்த்தும் வரவில்லையா, "அப்புறமா சொல்லுவா" என்று சாதாரணமாகச் சொல்லிப் பேச்சை நகர்த்திவிடுங்கள்.

இந்த இடத்தில் பெற்றோர் செய்யும் பெரிய தவறு, குழந்தைக்காகத் தாங்களே பதில் சொல்லிவிடுவது. அன்பால் செய்வதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் நடப்பது என்ன? கேள்வி வந்தது, குழந்தைக்குப் படபடப்பு, அம்மா பதில் சொன்னாள், படபடப்பு அடங்கியது. பேசாமல் இருந்தால் நிம்மதி வரும் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. திட்டி நெருக்கினாலும் கெடும், உடனே காப்பாற்றினாலும் கெடும். ஐந்து விநாடியும் எளிய கேள்வியும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வழி.

இப்போது பலரும் தவறவிடும் விஷயம். வரவேற்பைக் கற்றுக்கொடுக்க வாசலில் தொடங்க வேண்டியதில்லை, வழியனுப்புவதில் தொடங்குங்கள். விருந்தினர் கிளம்பும் நேரத்தில் குழந்தைக்கு அவர்கள் முகம் பழகியிருக்கும், முறைப்பெயர் பத்துத் தடவை காதில் விழுந்திருக்கும், இன்னும் ஒரு நிமிடத்தில் எல்லாம் முடியப்போகிறது என்பதும் தெரியும். அன்றைக்கு அவளுக்கு மிக எளிதான நேரம் அதுதான். நீங்கள் "போயிட்டு வாங்க பெரியப்பா" என்று சொல்லி ஒரு கணம் நில்லுங்கள், அவளைப் பார்க்காமல். பல குழந்தைகள் "போயிட்டு வாங்க தாத்தா" என்று கூடவே சொல்லிவிடுவார்கள், அல்லது கை அசைப்பார்கள். மூன்று நான்கு வருகைகளில் வழியனுப்புவது தானாக வரும். பிறகு காபி கேட்பது, பிறகு தண்ணீர் கொடுக்கும்போது "இந்தாங்க", கடைசியாகத்தான் வாசலில் "வாங்க". ஒரு வேலையின் கடைசிப் படியை முதலில் பழக்கிப் பின்னோக்கி வருவது பயிற்சி முறைகளில் பழைய உத்தி. சட்டையில் பொத்தான் போடக் கற்றுக்கொடுக்கும்போதும் இதைத்தான் செய்கிறோம். வரவேற்புக்கு இதைப் பொருத்துவது நடைமுறையில் பலன் தரக் கண்டது, தனியாக ஆய்வு செய்து நிறுவப்பட்ட ஒன்றாக இதை நான் முன்வைக்கவில்லை.

அவள் பேசிவிட்டாள் என்று வையுங்கள். அப்போது வரும் ஆபத்து கைதட்டல். "அட! பாப்பா பேசிட்டாளே!" என்று கூடம் முழுக்கத் திரும்பினால், எந்தப் பார்வைக்குப் பயந்தாளோ அந்தப் பார்வையே பரிசாக வந்து சேர்கிறது, அடுத்த முறை வாய் திறக்க மாட்டாள். வந்த பேச்சுக்குப் பேச்சாகவே பதில் சொல்லுங்கள், அவ்வளவுதான். இரவு படுக்கும்போது குறிப்பாக ஒன்றைச் சொல்லுங்கள்: "நீ டீயான்னு கேட்டதும் தாத்தாவுக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா, மூஞ்சியப் பாத்தியா?" "நல்ல பொண்ணு" என்பதைவிட இது மேல், ஏனென்றால் அவளுடைய சொல் இன்னொருவரிடம் என்ன செய்தது என்று காட்டுகிறது. மரியாதை என்பதன் பொருளே அங்கேதான் குழந்தைக்குப் பிடிபடுகிறது.

சாக்லேட் பேரம் வேண்டாம். "வணக்கம் சொன்னா டெய்ரி மில்க்" என்பது அன்றைக்கு வேலை செய்யும், நான் மறுக்கவில்லை. ஆனால் 1973-இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் உடன் ஆய்ந்தவர்களும் படம் வரைய விரும்பும் சிறு குழந்தைகளிடம் முன்கூட்டியே பரிசு பேசி வரைய வைத்தபோது, பரிசு முடிந்த பிறகு அவர்கள் தாமாக வரைவது குறைந்துபோனது. சொல்லாமல் கொடுத்த பரிசு அப்படிக் கெடுக்கவில்லை. வரவேற்பதை விற்பனைப் பொருளாக்கினால், விலை இல்லாத நாளில் அது நடக்காது.

"வா தாத்தா" என்று சொல்லிவிட்டால்? கூடத்தில் யாராவது "வாங்கன்னு சொல்லணும்!" என்று அதட்டுவார்கள். அது மரியாதைக் குறைவு அல்ல, வினைச்சொல்லின் ஒரு பகுதி இன்னும் பழகவில்லை, அவ்வளவே. "ஆமா, வாங்க தாத்தா" என்று நீங்கள் திருத்தமான வடிவத்தில் திருப்பிச் சொல்லிக் கடந்துவிடுங்கள். குழந்தை மொழியை இப்படித்தான் சரிசெய்துகொள்கிறது. இன்னும் நல்லது, வீட்டில் நீங்களும் உங்கள் கணவரும் பெரியவர்களிடம் "-ங்க" போட்டுப் பேசுவது அவள் காதில் தினமும் விழுவது. பெரியவர்கள் தண்ணீர் கேட்கும்போது "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று அவளிடம் அழகாகக் கேட்பதும் இதில் சேர்த்தி. அதிகாரமாகக் கேட்டுப் பழகிய வீட்டில் குழந்தை மட்டும் இனிமையாகப் பேசாது.

"அவ கொஞ்சம் கூச்சம்" என்று அவள் காதுபட விளக்கம் சொல்வதை நிறுத்துங்கள். கேட்டுக் கேட்டு அவள் அதைத் தன் பெயர் மாதிரி எடுத்துக்கொள்வாள். "பழக ஒரு நிமிஷம் எடுத்துக்குவா" என்று சொல்லிப் பாருங்கள். அது உண்மையும்கூட, முடிவும் திறந்திருக்கிறது.

விருந்தினர் மாதம் ஒரு முறைதான் வருவார்கள், அது பயிற்சிக்குப் போதாது. நடுவில் வாரம் மூன்று நான்கு முறை சின்னச் சின்ன வாய்ப்புகள் தேவை. தள்ளுவண்டிக்காரரிடம் காசு நீட்டுவது, பால்காரரிடம் "ரெண்டு பாக்கெட்" என்பது, வாட்ச்மேன் தாத்தாவுக்குக் கை அசைப்பது. ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில், திரும்பத் திரும்ப. புது ஆள்களைத் தேடிப் போக வேண்டாம். ஒருவரிடம் குரல் வந்த பிறகு அடுத்தவர். வீடியோ அழைப்பை முதல் படியாக வைக்காதீர்கள். திரையில் எல்லோருடைய முகமும் அவளையே பார்க்கும், பலருக்கும் அது நேரில் பார்ப்பதைவிடக் கஷ்டம்.

தொடுவது தனி விஷயம். கன்னத்தைக் கிள்ளுவது, மடியில் இழுத்து உட்கார வைப்பது, முத்தம் கேட்பது ஆகியவற்றில் அவள் விருப்பமே முடிவு. இதில் நான் தளர மாட்டேன். ஒரு பெரியவர் என்பதற்காகவே உடம்பை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று கற்ற குழந்தை, தவறான தொடுதல் வரும்போது மறுக்கத் தெரியாமல் நிற்கும். பதிலுக்கு ஒன்று கொடுங்கள்: "முத்தம் வேணாம்னா கை குடுக்கலாம், ஹை-ஃபை குடுக்கலாம், கும்பிடலாம்." காலில் விழுந்து ஆசி வாங்குவது பற்றிக் கேட்பீர்கள். பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் நீங்களும் விழுந்து, அவளும் கூட வந்து விழுந்து, விபூதியோ ஐந்து ரூபாயோ வாங்குவது அவளுக்குப் பிடித்த விளையாட்டாக இருந்தால் நடக்கட்டும். தலையைப் பிடித்து அழுத்தி விழ வைப்பது மட்டும் வேண்டாம்.

"தெரியாதவங்ககிட்ட பேசாதே" என்று வெளியிலும், "ஏன் பேச மாட்டேங்கற" என்று வீட்டிலும் சொன்னால் எந்தக் குழந்தையும் குழம்பும். ஐந்து வயதுக்குப் புரிகிற ஒரே விதி போதும்: "அம்மாவோ அப்பாவோ அவங்களோட பேசிட்டு இருந்தா நீயும் பேசலாம். நீ தனியா இருந்தா பேச வேணாம், எங்களைக் கூப்பிடு." கதவைத் திறக்கும் வேலையை அவளுக்குக் கொடுத்தால், நீங்கள் யார் என்று பார்த்துச் சொன்ன பிறகே தாழ்ப்பாளைத் தொட வேண்டும் என்பதும் அந்த விதியின் பகுதி.

மாமியாரிடம் வாதம் செய்து பயனில்லை, ஆய்வு முடிவுகளைச் சொல்வதில் இன்னும் பயனில்லை. அவருக்கு வேண்டியது, வந்தவர்கள் முன்னால் வீட்டுக்கு நல்ல பெயர். அதை அவர் கையிலேயே கொடுங்கள். "அத்தை, தண்ணி கொண்டு வர்றது அவ வேலைன்னு சொல்லியிருக்கேன். டம்ளரை நீங்க எடுத்து அவ கையில குடுங்க, நீங்க குடுத்தா கேப்பா." பேத்தி தண்ணீர் நீட்டும்போது பக்கத்தில் நிற்பவர் பாட்டி என்றால், "வளர்க்கத் தெரியல" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

எத்தனை நாளில் மாற்றம் தெரியும்? இப்படித் தொடர்ந்து செய்தால் வழியனுப்புவது இரண்டு மாதத்துக்குள் வருவதைப் பார்த்திருக்கிறேன். வாசலில் தானாக "வாங்க" என்பது ஆறேழு வயதில்கூட வரலாம். புது வீட்டுக்குப் போகும்போதும், தம்பி தங்கை பிறந்ததும், காய்ச்சலுக்குப் பிறகும் பின்வாங்குவாள், பிறகு பிடித்துக்கொள்வாள்.

இந்த வழிமுறைகளுக்கு ஓர் எல்லை உண்டு. வீட்டில் சரளமாகப் பேசும் குழந்தை பள்ளியில் ஒரு சொல்கூடப் பேசவில்லை, பள்ளி சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் எடுக்காமல் அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே தொடர்கிறது என்றால், அது சாதாரணத் தயக்கம் அல்ல. குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் பேச்சு அடைபடும் ஒரு பதற்றக் கோளாறு உண்டு, பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கும், சீக்கிரம் கவனித்தால் நன்றாகச் சரியாகும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் வீட்டிலும் திரும்பாத குழந்தை, வீட்டிலும் வாக்கியம் அமையாத குழந்தை, காது கேட்பதில் சந்தேகம் உள்ள குழந்தை ஆகியோருக்கும் வரவேற்புப் பயிற்சி முதல் மருந்து அல்ல. முதலில் காது பரிசோதனை, பிறகு பேச்சு மொழிப் பயிற்சியாளர் அல்லது குழந்தை மனநல மருத்துவர். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் இதைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். போகும்போது வீட்டில் அவள் சாதாரணமாகப் பேசும் இரண்டு நிமிட வீடியோ ஒன்றை எடுத்துப் போங்கள். அங்கே அவள் வாயே திறக்காமல் இருந்தாலும் மருத்துவருக்குப் பார்க்க ஏதாவது இருக்கும்.